மாசிலாத் தோட்டத்தை வரைந்தவள்

உம்மே ஹானிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். ஈக்காட்டுத்தாங்கலில் அவள் வேலை பார்த்த தகடு வெட்டும் பட்டறையில் இது எல்லோருக்கும் தெரியும். கம்ப்யூட்டரில் அவள் போட்டுக் கொடுக்கும் வரைபடத்தை வைத்துத்தான் அங்கே இரும்புத் தகடு வெட்டுவார்கள். யாராவது அளவை மாற்றி வெட்டிவிட்டால் ஹானி மெஷின் பக்கத்தில் வந்து நின்று, பக்கத்தில் இருப்பவனுக்குக்கூடக் கேட்காத குரலில், "இது இன்னா?" என்பாள். அவ்வளவுதான். அன்றைக்கு முழுக்க அந்தப் பக்கம் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

ராயப்பேட்டையில் பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். கணவர் முதஸ்ஸிருக்கு அதே பகுதியில் மூக்குக் கண்ணாடிக் கடை. ஹானியின் அம்மாவுக்கு அக்கா ஒருவர் உண்டு, பெயர் ஷகீலா. ஹானிக்குப் பெரியம்மா. சைதாப்பேட்டையில் அடையாற்றுக் கரையை ஒட்டிய மாசிலாத் தோட்டத்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறையில் இருந்தார். அந்தக் குடியிருப்பு அங்கே வந்து இரண்டு தலைமுறை ஆகிறது. முந்நூறு வீடுகளுக்கு மேல். நடுவே, பெரும்பாலும், ஒருவர் எதிரே வந்தால் இன்னொருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்துகள்.

ஒரு டிசம்பர் மழையில் ஆறு உள்ளே வந்தது. பெரியம்மாவும் இன்னும் பத்துப் பதினைந்து பேரும் பாதி கட்டி நின்றுபோன ஒரு மாடியில் ஏறி உட்கார்ந்தார்கள். பெரியம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. ஏறும்போது தகரம் கிழித்து வலது காலில் காயம். அழுக்குத் தண்ணீரில் நனைந்த காலோடு இரண்டு நாள் அங்கேயே இருந்தார். மெயின் ரோடு வரைக்கும் ரப்பர் படகு ஒன்று வந்தது. மாடியில் இருந்தவர்கள் அதைப் பார்த்தார்கள், துணியை ஆட்டினார்கள். படகில் இருந்தவர்கள் போனை மட்டும் பார்த்தார்கள், படகைத் திருப்பிக்கொண்டு வேறு தெருவுக்குப் போய்விட்டார்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு பெரியம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வலது காலில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

படகு விட்டது அடையாறில் இருக்கும் ஒரு தொண்டர் குழு என்று ஹானி விசாரித்துத் தெரிந்துகொண்டாள். பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு நேரே அங்கே போனாள். பொறுப்பில் இருந்தவர் ஜவஹர், நாற்பது வயதுக்காரர். வெள்ள வேலையில் தூக்கம் கெட்ட முகம்.

"எங்க பெரியம்மா மாசிலாத் தோட்டத்துல கீது. உங்க போட்டு ரோடு வரைக்கும் வந்துட்டு திரும்பிப் போச்சு. ஏன்?" என்றாள் ஹானி, தாழ்ந்த குரலில்.

ஜவஹர் சாக்குச் சொல்லவில்லை. லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். "நாங்க இதைப் பார்த்துதான் போட் அனுப்பறோம். எங்க எத்தனை வீடு இருக்குன்னு இதுலேர்ந்து எடுத்துப் பிரிச்சுக்கறோம். நீங்க சொல்ற இடம் எதுன்னு நீங்களே பாருங்க."

ஹானி பார்த்தாள். ஆறு இருந்தது. பாலம் இருந்தது. மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒவ்வொரு வீடும் தனித்தனிக் கட்டமாக இருந்தது. மாசிலாத் தோட்டம் இருக்க வேண்டிய இடத்தில் பச்சை நிறம். யாரோ 'புல்வெளி' என்று போட்டிருந்தார்கள்.

"புல்லா?" என்றாள். "ரெண்டு தலைமுறையா மனுஷங்க இருக்கற இடத்துல புல்லா மொளைச்சு கீது?"

"இது ஓப்பன் ஸ்ட்ரீட் மேப். பொது வரைபடம். கம்பெனி எதுவும் போடறதில்ல. யார் வேணா சேர்க்கலாம், திருத்தலாம். யாரும் வரையாததனால இல்ல."

"யாரும்னா யாரு?"

ஜவஹர் களைப்போடு சொன்னார். "நான் வரையல. நீங்களும் வரையல."

அந்தப் பதில் அவளை அறைந்தது போல் இருந்தது. வீட்டுக்கு வரும்வரை பஸ்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தாள். பெரியம்மாவின் விரலுக்கு நான் பொறுப்பா என்று முதஸ்ஸிரிடம் கேட்டாள். அவர் சாப்பாடு எடுத்து வைத்தார். மறுநாள் பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் அவள் வரைவதற்காக அந்த வரைபடத்தின் தளத்தில் தன் பெயரில் ஒரு கணக்கைத் தொடங்கினாள்.

வேலை அவளுக்குக் கைவந்த வேலைதான். பின்னணியில் செயற்கைக்கோள் மேலிருந்து எடுத்த படம் தெரியும். கூரையின் மூலைகளில் ஒவ்வொன்றாகச் சொடுக்கினால் கட்டம் மூடிக்கொள்ளும். ஒரு விசையைத் தட்டினால் மூலைகள் நேராகும். பிறகு அது என்ன என்று சொல்ல ஒரு டேக் போட வேண்டும். 'பில்டிங்' என்று ஒரு தலைப்பு, அதற்கு எதிரே ஒரு சொல். சந்துகளைக் கோடாக இழுத்து, அது எந்த வகை வழி என்று இன்னொரு டேக். ஒரு தொகுப்பாக அனுப்பும்போது என்ன செய்தோம், எதைப் பார்த்துச் செய்தோம் என்று ஒரு வரி எழுத வேண்டும். ஹானி ஒவ்வொரு முறையும் ஒரே வரியைத்தான் எழுதினாள்: 'இங்கே புல் இல்லை.'

சாம்பல் நிற ஆஸ்பெஸ்டாஸ், நீலத் தார்ப்பாய், துருப்பிடித்த தகரம். ஒரு சுவரை இரண்டு வீடுகள் பங்கு போட்டுக்கொண்ட இடத்தில் எங்கே ஒன்று முடிந்து அடுத்தது ஆரம்பிக்கிறது என்று படத்தில் தெரியாது. ஊகித்துப் போட்டாள். சில நாள் 'வீடு' என்று டேக் போட்டாள், சில நாள் 'குடிசை', சில நாள் வெறுமனே 'யெஸ்', அதாவது ஏதோ ஒரு கட்டடம். சந்துக்கும் அப்படித்தான். ஒன்று நடைபாதை, ஒன்று ஒற்றையடிப் பாதை, ஒன்று சாதாரணத் தெரு. இரும்பில் அரை மில்லிமீட்டர் விடாதவள் இங்கே வேகத்தில் விட்டுவிட்டாள். கோடை முடிவதற்குள் புல்வெளி போய்விட்டது. அந்த இடம் நெருக்கமான கட்டங்களால் நிறைந்தது.

ஆகஸ்டில் ஒரு நாள் திறந்து பார்த்தால் மறுபடி பச்சை.

எல்லாவற்றையும் ஒரே தொகுப்பில் யாரோ அழித்திருந்தார்கள். கூடவே ஒரு குறிப்பு: 'ஆற்றுப் புறம்போக்கு ஆக்கிரமிப்பு. முறையான கட்டடங்கள் அல்ல. நீக்கப்பட்டது.' செய்தவர் பெயர் ஆஸ்டின். அவருடைய பக்கத்தைப் பார்த்தாள். பத்து வருடமாக வரைகிறவர். மயிலாப்பூரில் மாட வீதிகளைச் சுற்றி ஒவ்வொரு கதவு எண்ணையும் நடந்து நடந்து சேர்த்தவர் அவர்தான்.

அந்தக் குறிப்பின் கீழே எழுத இடம் இருந்தது. ஹானி எழுதினாள். என்ன எழுதினாள் என்பதை இங்கே சொல்ல முடியாது. எழுதி முடித்ததும் அவர் அழித்ததை ரத்து செய்து எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்தாள். மறுநாள் அவர் மறுபடி அழித்தார். அவள் மறுபடி கொண்டுவந்தாள்.

மூன்றாம் நாள் ரெனிட்டாவிடமிருந்து போன் வந்தது. சென்னையில் இந்த வரைபடத்தில் வேலை செய்கிறவர்களை மாதம் ஒருமுறை கூட்டிவைப்பவள் அவள். சாந்தோமில் ஒரு பள்ளியில் டீச்சர். ஹானியின் வயதுதான்.

"ஹானி, நீங்க எழுதினதை முதல்ல எடுத்துடுங்க. அப்புறம் ரெண்டு பேரும் அழிக்கிறதையும் திருப்பிப் போடறதையும் நிறுத்துங்க. இப்படியே போனா மேல இருக்கற தகராறுக் குழு ரெண்டு பேரையும் தடுத்து வெச்சுடுவாங்க."

"அவரை மட்டும் தடுக்கச் சொல்லுங்க."

"ஞாயித்துக்கிழமை வாங்க. நேர்ல பேசலாம். அவரும் வர்றார்."

"வரேன். நல்லா வரேன்," என்றாள் ஹானி.

மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு டிபன் கடைக்கு மேலே இருந்த அறையில் கூடினார்கள். ஏழெட்டுப் பேர். ஜவஹரும் வந்திருந்தார். ஆஸ்டினுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். நகரமைப்பு ஆலோசகர், மடிப்புக் கலையாத சட்டை. ஹானி உள்ளே வந்ததும் எழுந்து வணக்கம் சொன்னார். அவள் பதில் வணக்கம் சொல்லவில்லை.

"எனக்கு அங்க இருக்கறவங்க மேல எந்த விரோதமும் இல்லம்மா," என்று அவரே ஆரம்பித்தார். "ஆனா அது புறம்போக்கு. நாம வரைஞ்சா அது ஒரு ஆதாரம் மாதிரி ஆயிடும். நாளைக்கு ஒருத்தர் இதைக் காட்டி உரிமை கேப்பார். வரைபடத்துக்கு ஒரு மரியாதை இருக்கு."

"இதுல வரைஞ்சா பட்டா குடுத்துடுவாங்களா சார்?"

"அப்படிச் சொல்லல."

"குடுப்பாங்கன்னா சொல்லுங்க. போட் கிளப் ரோட்ல எனக்கு ஒரு பங்களா வரைஞ்சிக்கறேன். தோட்டத்தோட."

யாரோ சிரித்தார்கள். ஹானி சிரிக்கவில்லை. அவள் குரல் இன்னும் இறங்கியது. "எங்க பெரியம்மாவுக்கு ரெண்டு விரல் இல்ல சார். நீங்க புல்லுன்னு சொல்ற எடத்துலதான் அது உக்காந்துகினு இருந்துச்சு. படகு வந்து, புல்லுன்னு பார்த்துட்டு, போய்டுச்சு. நீங்க மாட வீதில ஒவ்வொரு கதவா எண்ணினீங்களே. அங்க தண்ணி வந்தா எத்தனை கதவுன்னு தெரியும். எங்களுக்குக் கதவு இல்லையா?"

ரெனிட்டா இடையில் வந்தாள்.

"ஆஸ்டின் சார், இந்த வரைபடத்துல விதி ஒண்ணுதான். தரையில என்ன நிக்குதோ அதை வரையணும். யாருக்குச் சொந்தம், பத்திரம் இருக்கா, இதெல்லாம் நம்ம கேள்வி இல்ல. டி. நகர்ல அனுமதி இல்லாம மாடி கட்டின கடைங்க எத்தனை. அதையெல்லாம் நீங்கதான் வரைஞ்சிருக்கீங்க."

அது பட்டது. ஆஸ்டின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தன் லேப்டாப்பைத் திறந்தார். "சரி. விதிப்படியே பேசலாம். தரையில இருக்கறதைன்னா, இவங்க வரைஞ்சது தரையில இருக்கா? படம் நாலு வருஷம் பழசு. ஆத்தோரம் கடைசி வரிசை டிசம்பர்லயே அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. அது இதுல இருக்கு. படம் சரியா உக்காரல, நகர்ந்திருக்கு. அதைப் பார்க்காம வரைஞ்சதுல நாலு வீடு ஆத்துக்குள்ள இருக்கு. ஒரே மாதிரி வீட்டுக்கு மூணு வித டேக். ஆள் நடக்கற சந்துக்குத் தெருன்னு போட்டிருக்காங்க. அதை நம்பி ஆம்புலன்ஸ் உள்ளே வந்தா என்ன ஆகும்?"

ஜவஹர் தயங்கிச் சொன்னார். "அது நிஜந்தான். நாங்க வீட்டு எண்ணிக்கை எடுக்கும்போது 'வீடு'ன்னு டேக் இருக்கறதைத்தான் எண்ணுவோம். உங்களோடதுல பாதி விட்டுப்போகும்."

ஹானிக்கு முகம் சுட்டது. பொய் சொல்லி அவமானப்படுத்தியிருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும். அவர் சொன்னது அத்தனையும் சரி. பட்டறையில் வேறு யாராவது இப்படி வரைந்து கொடுத்திருந்தால் அவளே கிழித்துப் போட்டிருப்பாள். அது சரியாக இருந்ததே அவள் ஆத்திரத்தை இரட்டிப்பாக்கியது.

"தப்பா இருந்தா திருத்தணும் சார்," என்றாள். "நீங்க துடைச்சிட்டீங்க."

அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தார்கள். எல்லாவற்றையும் மீண்டும் கொண்டுவருவது. படத்தை முதலில் சரியான இடத்தில் பொருத்தி, கட்டங்களை நகர்த்துவது. படத்தை மட்டும் பார்த்து வரைந்தால் 'யெஸ்' என்று மட்டும் போடுவது, நேரில் போய்ப் பார்த்த பிறகே 'வீடு' என்று மாற்றுவது. ஆட்டோ போகும் சந்துக்கு ஒரு டேக், பைக் மட்டும் போவதற்கு ஒன்று, நடக்க மட்டுமே முடிந்ததற்கு ஒன்று. ஆஸ்டின் சம்மதித்தாரா என்று யாரும் கேட்கவில்லை. நேரில் பார்க்க வருகிறீர்களா என்று ரெனிட்டா கேட்டதற்கு, முழங்கால் வலி என்றார்.

அடுத்த ஞாயிறு ஹானியும் ரெனிட்டாவும் மாசிலாத் தோட்டத்துக்குப் போனார்கள். முதல் சந்தில் இரும்பு டேப்பை விரித்து அகலம் பார்த்துக்கொண்டிருந்தபோதே பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தது பெரியம்மா. காலில் ரப்பர் செருப்பு, கையில் தடி.

"இன்னாடி அளக்கற?"

"நம்ம வீட்டையெல்லாம் மேப்ல போடறோம் பெரியம்மா. மழை வந்தா போட்டு வரும்."

"யாரைக் கேட்டுப் போட்டே?" பெரியம்மாவுக்கும் குரல் இறங்கித்தான் வந்தது. "போன வருஷம் ரெண்டு பேர் இதே மாதிரி போனைத் தூக்கிக்கினு வந்தானுங்க. கூரையைப் படம் புடிச்சானுங்க. அப்புறம்தான் கதவுல நம்பர் எழுதினானுங்க, காலி பண்ணுன்னு. நீ இப்ப ஊரு ஒலகத்துக்கே காட்டிக் குடுக்கறியா?"

ஹானிக்கு இது தோன்றியதே இல்லை. நடுச் சந்தில் டேப்பைப் பிடித்தபடி நின்றாள். யார் மேல் கோபப்படுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. ரெனிட்டாதான் பேசினாள். அழகாகப் பேசவில்லை, உள்ளதைச் சொன்னாள். "மேல இருந்து எடுத்த படம் அவங்ககிட்ட ஏற்கெனவே இருக்கும்மா. கூரையை நாங்க மறைச்சாலும் அவங்களுக்குத் தெரியும். தெரியாதது படகு விடறவங்களுக்குத்தான். ஆனா நீங்க வேணாம்னா இப்பவே போயிடறோம்."

கொஞ்ச நேரம் அவர்களுக்குள் வாக்குவாதம் நடந்தது. வெள்ளத்தின்போது மாடியில் பெரியம்மாவோடு உட்கார்ந்திருந்த ஒருத்தி, "போட்டு வந்தா போதும், போடட்டும்" என்றாள். இன்னொருத்தி காறித் துப்பிவிட்டு உள்ளே போனாள். கடைசியில் பெரியம்மா சொன்னார். "ஆளு பேரு எதுவும் போடாதே. எந்த வீட்ல யாரு கீறாங்கன்னு போடாதே. வீடு, வழி. அவ்ளோதான்."

"பேர் போடறது இதுல எப்பவுமே கூடாதும்மா," என்றாள் ரெனிட்டா.

அதன் பிறகு பெரியம்மாவே தடியை ஊன்றிக்கொண்டு கூட வந்தார். எந்தச் சந்து முட்டுச் சந்து, எதில் மழைக்காலத்தில் மட்டும் நடக்க முடியாது, எந்தக் கூரைக்குக் கீழே இரண்டு குடும்பம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். வழியெல்லாம் ஹானியைத் திட்டிக்கொண்டும் வந்தார். சில ஞாயிறுகளில் வேலை முடிந்தது. அடித்துப்போன வரிசையை ஹானி தன் கையாலேயே நீக்கினாள். மீதி எல்லாம் ஒரே மாதிரி டேக்கோடு நின்றன.

ஐப்பசி மழையில் ஆறு மறுபடி ஏறியது, முன்பு போல் இல்லை, முழங்கால் அளவு. படகு வந்தது. மெயின் ரோட்டில் நிற்காமல் பைக் போகும் சந்து வழியாக உள்ளே வந்து, நடக்க மட்டும் முடிந்த சந்தின் முனையில் கட்டிவிட்டு, தொண்டர்கள் இறங்கி வந்து முதியவர்களைத் தூக்கிப் போனார்கள். எத்தனை வீடு என்று அவர்கள் யாரையும் கேட்கவில்லை. ஜவஹர் போன் செய்து சொன்னார். ஹானி, "முன்னாடியே வந்திருக்கணும்," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

பொங்கல் முடிந்த வாரத்தில் மாசிலாத் தோட்டத்தை இடித்தார்கள்.

கதவில் நம்பர் எழுதிய பழைய கணக்குத்தான். ஆற்றுக்கரை வரிசைகளில் தொடங்கி முக்கால்வாசியை மஞ்சள் இயந்திரங்கள் இரண்டு நாளில் தரைமட்டம் ஆக்கின. பெரியம்மாவுக்கு ஊருக்கு வெளியே, இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய இடத்தில், நாலாவது மாடியில் ஒரு அறை கொடுத்தார்கள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. வரைபடத்தைப் பார்த்து யாரும் இடிக்கவில்லை என்று ரெனிட்டா சொன்னாள். ஹானிக்கும் அது தெரியும். தெரிந்தும் சாமான் ஏற்றிய லாரி பக்கத்தில் நின்றபோது பெரியம்மாவின் முகத்தை நேராகப் பார்க்க அவளால் முடியவில்லை. பெரியம்மாதான் அவள் தோளைப் பிடித்து, "நீ இன்னாடி பண்ணுவே" என்றார்.

பட்டறையில் வரைபடத்தைத் திறந்தாள். எல்லா வீடுகளும் அப்படியே நின்றன. தரையில் இருப்பதை மட்டும் வரைய வேண்டும் என்ற விதியைப் பிடித்துக்கொண்டுதானே அவள் ஜெயித்தாள். இப்போது அதே விதிப்படி அவளே துடைக்க வேண்டும். ஒரு வாரம் துடைக்கவில்லை. யாராவது வந்து அழிக்கட்டும், அவர்களோடு சண்டை போடலாம் என்று காத்திருந்தாள்.

யாரும் அழிக்கவில்லை. ஆஸ்டினிடமிருந்து செய்தி வந்தது. சில வரிகள். 'அழிக்க வேண்டாம். மேலிருந்து எடுத்த படத்தில் இன்னும் கூரைகள் தெரிகின்றன. அழித்தால் அதைப் பார்த்து வேறொருவர் மீண்டும் வரைந்துவிடுவார். டேக்குக்கு முன்னால் இடிக்கப்பட்டது என்ற சொல்லைச் சேர்த்து, தேதி போட்டு விட்டுவிடுங்கள். கட்டம் தரவில் இருக்கும், வீடாக எண்ணப்படாது.'

வருத்தம் என்றோ மன்னிப்பு என்றோ அதில் ஒரு சொல் இல்லை. அவர் சொன்னது சரியாக இருந்தது. அதற்காகவும் அவளுக்கு அவர் மேல் கோபம் வந்தது. பதில் எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எது நிற்கிறது, எது விழுந்தது என்று நேரில் பார்க்கப் போனாள். செங்கல், உடைந்த ஆஸ்பெஸ்டாஸ், ஒரு பிளாஸ்டிக் குடம். வீடுகள் இருந்த இடத்தில் வீடு எதுவென்று சொல்ல முடியவில்லை. ஆனால் சந்துகள் தெரிந்தன. இரண்டு பக்கமும் இடிபாடு கிடக்க, நடுவே மிதிபட்டு மிதிபட்டு இறுகிய தரை அப்படியே இருந்தது. ரயில்வே ஸ்டேஷனுக்குக் குறுக்கு வழியாக ஆட்கள் அதில் போய்க்கொண்டிருந்தார்கள். டிபன் பாக்ஸோடு ஒருவர், பூக்கூடையோடு ஒருத்தி.

அங்கேயே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து எது விழுந்தது, எது நிற்கிறது என்று போனில் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டாள். மறுநாள் பட்டறையில் அதை வைத்து டேக்குகளை மாற்றினாள். இடிக்கப்பட்டது, தேதி. இடிக்கப்பட்டது, தேதி. வெயில் ஏறியிருந்த நேரத்தில் வரைபடத்தில் அந்த இடத்தில் முக்கால்வாசி வெறுமையானது. வீடுகளுக்கு நடுவே ஓடிய கோடுகளை மட்டும் அவள் தொடவில்லை. அனுப்பும்போது எழுத வேண்டிய வரியில் எழுதினாள்: 'இங்கே முந்நூறு வீடுகள் இருந்தன. முக்கால்வாசியை இடித்துவிட்டார்கள். வழிகள் இருக்கின்றன, ஜனங்கள் நடக்கிறார்கள். நேரில் பார்த்தது.'

சாயந்திரம் அந்த வரிக்குக் கீழே புதிய ஆள் ஒருவர் கேட்டிருந்தார்: வீடே இல்லாத இடத்தில் இத்தனை நடைபாதை எதற்கு, நீக்கிவிடலாமா?

ஹானி ஒரு சொல்லும் கடுமையாக எழுதவில்லை. 'வந்து நடந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்,' என்று எழுதினாள்.